‘டெய்லர் கவனக்குறைவு’ என்ற பதிலை பையர் ஏன் திருப்பி அனுப்புகிறார்?

கடையில் வாங்கும்போது அந்த டி-ஷர்ட்டில் எந்தக் குறையும் தெரிவதில்லை. மூன்று முறை துவைத்த பிறகு, கீழ்மடிப்புத் தையலை ஒட்டி ஊசிமுனை அளவில் ஓட்டைகள் வரிசையாகத் திறக்கின்றன. வாங்கியவர் கடையில் திருப்பிக் கொடுக்கிறார். அப்படித் திரும்பிய பீஸ்கள் சேர்ந்ததும், ஐரோப்பாவில் இருக்கும் பையரின் அலுவலகத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒரு மெயில் வருகிறது. கூடவே சில படங்களும் ஒரு படிவமும். படிவத்தில் கரெக்‌ஷன், ரூட் காஸ், கரெக்டிவ் ஆக்‌ஷன், பிரிவென்டிவ் ஆக்‌ஷன் என்று நான்கு கட்டங்கள். ஏழு நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

பல கம்பெனிகளில் மெர்ச்சண்டைசரே அன்று மாலை அதை நிரப்பிவிடுகிறார். ரூட் காஸ்: டெய்லரின் கவனக்குறைவு. கரெக்டிவ் ஆக்‌ஷன்: டெய்லர் எச்சரிக்கப்பட்டார். பிரிவென்டிவ் ஆக்‌ஷன்: இனி செக்கிங் கடுமையாக்கப்படும். மறுநாளே ‘ஏற்கப்படவில்லை’ என்று படிவம் திரும்பி வருகிறது. “தப்பை ஒத்துக்கிட்டோம், ஆளையும் கண்டிச்சாச்சு, இன்னும் என்னங்க வேணும் அவங்களுக்கு?” என்று லைன் சூப்பர்வைசர் கேட்கிறார். அவர் கேட்பது நியாயமான கேள்வி. அந்த நான்கு கட்டங்களும் எதைக் கேட்கின்றன என்று தையல் லைனில் இருப்பவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை.

ரூட் காஸ் என்று பையர் கேட்பதை ஒரே வரியில் இப்படிச் சொல்லலாம்: நாம் வேண்டுமென்றே வைத்தால் குறை வர வேண்டும், எடுத்துவிட்டால் குறை நிற்க வேண்டும், அப்படி நம் கையால் செய்து காட்ட முடிகிற காரணம்தான் ரூட் காஸ். ‘கவனக்குறைவு’ இந்தச் சோதனையில் தேறாது. அதே டெய்லரைக் கவனமாகத் தைக்கச் சொன்னால் ஓட்டை நிற்குமா என்று யாரும் தைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருக்காது.

எப்படி என்று ஓர் ஆர்டரை வைத்துப் பார்ப்போம். எண்கள் நாமாக வைத்துக்கொண்டவை. நடப்பது எந்த லைனிலும் நடக்கக்கூடியது.

முதல் வேலை: எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

மொத்தம் 12,000 பீஸ். 150 ஜி.எஸ்.எம். பருத்தி சிங்கிள் ஜெர்ஸி, வெள்ளை, கிரே மெலாஞ்ச், நேவி என்று மூன்று நிறம். கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர் படிவத்தைத் தொடுவதற்கு முன் பையர் அனுப்பிய படங்களைப் பரப்பிப் பார்க்கிறார். எல்லாமே நேவி. ஓட்டை எல்லாமே கீழ்மடிப்பில். கைமடிப்பும் அதே ஃப்ளாட்லாக் தையல்தான், ஆனால் அங்கே ஓட்டை இல்லை. பக்கவாட்டு ஓவர்லாக் தையலிலும் இல்லை.

அடுத்து கட்டிங் ரெஜிஸ்டரையும் பண்டல் டிக்கெட்டையும் எடுக்கிறார். நேவி துணி இரண்டு லாட்டாக வந்திருக்கிறது. ஏற்றுமதி முடிந்த பின் மிச்சமிருந்த பீஸ்களில் ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்து எடுத்து மூன்று முறை துவைக்கச் சொல்கிறார். முதல் லாட்டில் ஒன்றிலும் ஓட்டை இல்லை. இரண்டாவது லாட்டில் ஆறு பீஸில் ஓட்டை.

இந்த ஒரு நாள் வேலையிலேயே ‘டெய்லர் கவனக்குறைவு’ என்ற பதில் விழுந்துவிடுகிறது. கீழ்மடிப்பை ஒரே மெஷினில் ஒரே டெய்லர்தான் தைத்தார். வெள்ளையிலும், மெலாஞ்சிலும், நேவி முதல் லாட்டிலும் கவனமாக இருந்தவர் இரண்டாவது லாட்டில் மட்டும் எப்படிக் கவனம் தவறுவார்? எந்தக் காரணத்தைச் சொன்னாலும், குறை இருக்கும் இடத்தை மட்டுமின்றி இல்லாத இடத்தையும் அது விளக்க வேண்டும். அதனால்தான் புகார் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது பிரித்துப் பார்ப்பது: நிறம், லாட், மெஷின், ஆபரேஷன், தேதி. இதற்கு டிக்கெட்டும் ரெஜிஸ்டரும் ஒழுங்காக இருக்க வேண்டும். அவை இல்லாத கம்பெனியில் ரூட் காஸ் தேடல் இங்கேயே நின்றுவிடும்.

ஊசி இழையை எப்படி அறுக்கிறது

பின்னல் துணி என்பது வளையங்களின் தொடர். நல்ல ஊசி இழையைக் குத்துவதில்லை. இரண்டு இழைகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை ஒதுக்கிவிடும். அதனால்தான் பின்னல் துணிக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி போடுகிறார்கள். ஊசி நுழையும்போது அந்த வளையத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் தேவைப்படும். பக்கத்து வளையங்களிலிருந்து இழை வழுக்கி வந்து அதைக் கொடுக்கும். ஊசி தேவைக்கு மேல் தடிமனாக இருந்தாலோ, முனை மழுங்கியிருந்தாலோ, துணி வறண்டு இழை வழுக்காமல் இருந்தாலோ, அந்த வளையம் இழுபட்டு அறுந்துவிடும்.

அறுந்த இழை அப்போது கண்ணுக்குத் தெரியாது. மடிப்பும் தையல் நூலும் அதைப் பிடித்து வைத்திருக்கும். அயனிங்கில் இன்னும் படிந்துவிடும். துவைத்து, இழுத்து, உடுத்தும்போதுதான் அறுந்த முனை நழுவி, வளையம் அவிழ்ந்து ஓட்டையாகும்.

மேனேஜர் கீழ்மடிப்பு மெஷினுக்குப் போய் ஊசியைக் கழற்றிப் பார்க்கிறார். 14 நம்பர், அதாவது 90 சைஸ். ஊசித்தண்டின் தடிமன் 0.90 மில்லிமீட்டர். கைமடிப்பு தைத்த மெஷினில் இருப்பது 11 நம்பர், 75 சைஸ், 0.75 மில்லிமீட்டர். 150 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்ஸிக்கு 9 அல்லது 11 நம்பர்தான் பொருத்தம். கழற்றிய ஊசியின் முனையை நகத்தின் மேல் மெதுவாக இழுக்கிறார். நகத்தில் கோடு விழுகிறது. முனையில் பிசிறு எழும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது கையில் இரண்டு சந்தேகங்கள்: இரண்டாவது லாட் துணி, 14 நம்பர் ஊசி. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து நான்கு சோதனை தைக்கிறார்கள். அதே மெஷின், அதே வேகம், அதே டெய்லர். தைத்ததும் நூலைப் பிரித்தெடுத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்து, அகலவாக்கில் இழுத்து, அறுந்த வளையங்களை எண்ணுகிறார்கள். முதல் லாட்டில் எந்த ஊசி போட்டாலும் சேதமில்லை. இரண்டாவது லாட்டில் புது 11 நம்பர் போட்டால் சேதமில்லை. இரண்டாவது லாட்டும் 14 நம்பரும் சேர்ந்தால் மட்டும் வளையங்கள் அறுகின்றன. வைத்தால் வருகிறது, எடுத்தால் நிற்கிறது. நேவியில் மட்டும் ஏன், இரண்டாவது லாட்டில் மட்டும் ஏன், கீழ்மடிப்பில் மட்டும் ஏன் என்ற மூன்று கேள்விக்கும் இதுவே பதில்.

ஏன் என்று எவ்வளவு தூரம் கேட்பது

இவ்வளவு கண்டுபிடித்த பிறகும் ரூட் காஸ் கட்டத்தில் ‘தவறான ஊசி’ என்று எழுதி நிறுத்தக்கூடாது. ஊசியை இன்று மாற்றலாம். அடுத்த மாதம் வேறொரு லைனில் இதே தவறான ஊசி வந்து உட்காரும். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்க வேண்டும்.

டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ இதைத்தான் ‘ஐந்து ஏன்’ என்று பழக்கினார். அவர் சொன்ன உதாரணத்தில் ஒரு மெஷின் நின்றுபோகிறது. ஃபியூஸ் போனதால் என்பது முதல் பதில். விடாமல் கேட்டுக்கொண்டே போனால், எண்ணெய் பம்புக்கு வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே புகுந்தது என்பது ஐந்தாவது பதில். ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் மெஷின் மறுபடி நின்றிருக்கும்.

நம் லைனில் கேட்டுப் பார்ப்போம். கீழ்மடிப்பு மெஷினில் ஏன் 14 நம்பர் ஊசி இருந்தது? அதற்கு முன் அந்த லைனில் ஓடியது தடிமனான ஃப்ளீஸ். அதற்குப் போட்ட ஊசி அப்படியே இருந்துவிட்டது. ஸ்டைல் மாறும்போது ஏன் மாற்றவில்லை? ஊசி கொடுக்கும் இடத்தில் உடைந்த ஊசியைக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள், இது உடையவில்லை. அப்படி ஏன் ஒரு விதி? உடைந்த ஊசித் துண்டு துணிக்குள் தங்கிவிடக் கூடாது என்பதற்காக, எல்லாத் துண்டையும் ஒட்டிக் காட்டி, எழுதி வைத்து, பிறகே புது ஊசி கொடுக்கும் முறை ஏற்பட்டது. பையர்கள் கேட்டு ஏற்படுத்திய நல்ல விதிதான் அது. ஆனால் அந்த ரெஜிஸ்டரில் ‘உடைந்தது’ என்ற ஒரு காரணத்துக்கு மட்டுமே இடம் இருக்கிறது. ஸ்டைல் மாறியது, முனை மழுங்கியது என்பதற்கெல்லாம் ஊசி வாங்க வழியே இல்லை.

இந்த இடத்தில் நிறுத்தலாம். ஐந்து என்ற எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. நாமே மாற்றக்கூடிய ஒரு முறை கையில் சிக்கியதும் கேள்வி முடிகிறது. பதில் ஓர் ஆளின் பெயரில் போய் நின்றால், இன்னும் ஒரு ‘ஏன்’ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பதிலுக்கும் கையில் சான்றும் இருக்க வேண்டும்: கழற்றிய ஊசி, லைனில் முன்பு ஓடிய ஆர்டரின் பதிவு, ஊசி ரெஜிஸ்டரின் பக்கம். சான்று இல்லாமல் அறையில் உட்கார்ந்து அடுக்கும் ‘ஏன்’கள் நாம் விரும்பிய இடத்துக்கே நம்மைக் கொண்டுபோகும்.

துணிப் பக்கமும் இதே கேள்விதான். இரண்டாவது லாட் ஏன் வறண்டிருந்தது? டையிங்கிலிருந்து லாட் கார்டை வரவழைத்தால் தெரிகிறது: முதல் முறை ஷேடு சேரவில்லை, மறுபடி சாயம் ஏற்றியிருக்கிறார்கள், இரண்டாம் முறை சாஃப்ட்னர் போடவில்லை. கம்பெனிக்கு ஏன் தெரியவில்லை? துணியோடு வந்த டி.சி.யில் மறுசாயம் என்று குறிப்பு இல்லை. வந்த துணியில் ஷேடு, ஜி.எஸ்.எம்., சுருக்கம் மூன்றும் பார்த்தார்கள். தைத்துப் பார்க்கும் சோதனை பட்டியலிலேயே இல்லை.

செக்கிங் ஏன் பிடிக்கவில்லை

குறை எப்படி உண்டானது என்பது ஒரு கேள்வி. உண்டான குறை நம்மைத் தாண்டி எப்படி வெளியே போனது என்பது வேறு கேள்வி. நல்ல பையர்கள் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் கேட்பார்கள்.

இங்கே இரண்டாவது கேள்விக்கான பதில், ‘செக்கிங் கடுமையாக்கப்படும்’ என்ற வரி ஏன் பயன்படாது என்பதையும் காட்டிவிடுகிறது. செக்கிங் டேபிளில் இருந்தவர்கள் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்தார்கள். கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் 12,000 பீஸுக்கு வழக்கமான ஏ.க்யூ.எல். அட்டவணைப்படி 315 பீஸ் எடுத்துப் பார்த்திருப்பார்கள். ஆனால் துவைக்காத, இழுக்காத பீஸில் அந்தக் குறை கண்ணில் படுவதே இல்லை. 315-க்குப் பதிலாக 12,000-ஐயும் பார்த்திருந்தாலும் பெரும்பாலானவை தாண்டிப் போயிருக்கும். ஆளைக் கூட்டுவதால் பிடிபடாத குறை இது. பார்க்கும் விதம்தான் மாற வேண்டும்.

நான்கு கட்டத்திலும் என்ன எழுதுவது

கரெக்‌ஷன் என்பது ஏற்கெனவே நடந்துவிட்ட குறையை இப்போது என்ன செய்கிறோம் என்பது. இரண்டாவது லாட் நேவியில் மிச்சமுள்ள பீஸ், கட்டிங் ஆன துணி, வெட்டாத ரோல் எல்லாவற்றையும் எண்ணி, தனியாக வைத்து, சீட்டு ஒட்டியாகிவிட்டது. அதே லாட் வேறு ஆர்டருக்குப் போயிருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டது. பையரின் கிடங்கில் விற்காமல் இருக்கும் நேவி பீஸ்களில் இரண்டாவது லாட் எந்தப் பெட்டிகளில் இருக்கிறது என்று பேக்கிங் லிஸ்ட்டை வைத்துச் சொல்லியாகிவிட்டது. கீழ்மடிப்பு மெஷினில் ஊசி மாற்றப்பட்டது. இவை முதல் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியவை. ரூட் காஸ் தெரியும்வரை இவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ரூட் காஸ் கட்டத்தில் மூன்று வாக்கியம் போதும். ஸ்டைல் மாறும்போது ஊசி மாற்ற எங்கள் ஊசி வழங்கும் முறையில் இடமில்லை. மறுசாயம் போட்ட துணி, குறிப்பு இல்லாமல் வழக்கமான லாட்டாக உள்ளே வந்தது, வந்த துணியைத் தைத்துப் பார்க்கும் சோதனையும் எங்களிடம் இல்லை. எங்கள் செக்கிங்கில் தையலை இழுத்தோ துவைத்தோ பார்ப்பதில்லை. கூடவே நான்கு சோதனைகளின் படம்.

கரெக்டிவ் ஆக்‌ஷன் என்பது அந்த மூன்று காரணங்களையும் நீக்குவது. ஊசியை மாற்றியது இதில் வராது, அது கரெக்‌ஷன். இங்கே எழுத வேண்டியது: ஒவ்வொரு ஸ்டைல் ஃபைலிலும் ஆபரேஷன் வாரியாக ஊசி நம்பரும் முனை வகையும் எழுதப்படும், லைன் செட்டிங்கின்போது மெக்கானிக் எல்லா ஊசியையும் மாற்றிக் கையெழுத்துப் போடுவார், ஊசி ரெஜிஸ்டரில் ‘ஸ்டைல் மாற்றம்’, ‘மழுங்கியது’ என்று இரண்டு காரணங்கள் சேர்க்கப்படும். மறுசாயத் துணி தனி லாட் நம்பரோடுதான் டையிங்கிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு லாட்டிலும் கட்டிங்குக்கு முன் ஒரு துண்டை அந்த ஸ்டைலுக்கு எழுதிய ஊசியால் தைத்து, நூலைப் பிரித்து, இழுத்துப் பார்ப்பார்கள். லைனில் வரும் முதல் பீஸ்கள் துவைத்துப் பார்க்கப்படும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரும் தேதியும் இருக்க வேண்டும்.

பிரிவென்டிவ் ஆக்‌ஷன் இன்னும் குறை வராத இடத்தைப் பற்றியது. மற்ற லைன்களிலும் மெலிந்த துணிக்குத் தடித்த ஊசி உட்கார்ந்திருக்கிறதா? அடுத்த மாதம் கட்டிங்குக்கு வரும் விஸ்கோஸ் துணிக்கு எந்த ஊசி? இப்போதே பார்த்துவிட்டால் இன்னொரு புகாருக்கு இடமில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை 2015-ல் திருத்தப்பட்டபோது பிரிவென்டிவ் ஆக்‌ஷன் என்ற தனிப் பிரிவை எடுத்துவிட்டு, வரக்கூடிய ஆபத்துகளை முன்கூட்டி யோசிப்பதை முழு முறைக்குள்ளும் கொண்டுவந்தது. பையர்களின் படிவங்களில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது, அதனால் நாமும் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

லைனில் எப்படிப் பேசுவது

இத்தனையும் லைனில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேராவிட்டால் படிவம் மட்டுமே சரியாகும். புகார் வந்ததும் லைனில் எல்லார் மனதிலும் எழுவது ‘யார் மாட்டப் போறாங்க’ என்ற பயம்தான். அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் மேனேஜர் பேச்சைத் தொடங்கும் விதம் முக்கியம். ஓட்டை விழுந்த பீஸையும் கழற்றிய ஊசியையும் டேபிளில் வைத்து, அந்த லைன் டெய்லரிடமே கேட்கிறார்.

“அக்கா, இது உங்க தப்புன்னு யாரும் எழுதப் போறதில்லீங்க. இந்த நேவி தைக்கறப்ப உங்களுக்கு ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சுதுங்களா?”

“தெரிஞ்சுதுங்க சார். துணி மொறமொறன்னு இருந்துச்சு. ஊசி எறங்கறப்ப டப்டப்னு சத்தம் வந்துச்சு.”

“அப்பவே ஊசி மாத்தக் கேக்கலீங்களா?”

“ஒடையாத ஊசியக் கொண்டுட்டுப் போனா தர மாட்டாங்களேங்க. போயிட்டு வர்ற நேரத்துல எனக்குத்தான பீஸ் கொறையும்.”

அந்த இரண்டு பதிலில் முழு விசாரணையும் அடங்கியிருக்கிறது. துணி வறண்டிருந்தது, ஊசி மழுங்கியிருந்தது, ஊசி வழங்கும் முறை தடுத்தது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு ஊசி மாற்றப் போவது சொந்த நஷ்டம் என்ற புதிய செய்தியும் கிடைத்திருக்கிறது. அதனால் கரெக்டிவ் ஆக்‌ஷனில் இன்னொரு வரி சேர வேண்டும்: ஊசியை மெக்கானிக்தான் மெஷினுக்குக் கொண்டுவந்து மாற்ற வேண்டும், டெய்லர் எழுந்து போக வேண்டியதில்லை. ‘டப்டப்’ சத்தம் வந்தால் நிறுத்திக் கூப்பிடலாம் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதும் கம்பெனிகள் இந்த வரியைக் கண்டுபிடிப்பதே இல்லை.

படிவம் எப்போது மூடப்படும்

கரெக்டிவ் ஆக்‌ஷன் எழுதியதோடு பையர் புகாரை மூட மாட்டார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கட்டம் கடைசியில் இருக்கும். பல கம்பெனிகள் வெறுமையாக விடுவது அதைத்தான். இந்த வழக்கில் அடுத்த மூன்று ஆர்டருக்கு லாட் வாரியாகத் தையல் சோதனையின் முடிவு, துவைத்த முதல் பீஸ்களின் படம், ஸ்டைல் மாறிய தேதியிலேயே ஊசி மாறியதற்கான கையெழுத்து என்று மூன்றும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு லாட்டில் சேதம் தென்பட்டு, அந்தத் துணியை நாமே டையிங்குக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். புதிய முறை ஒரு குறையைப் பிடித்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் வரும்போது இந்தக் குவாலிட்டி மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம், அந்த டெய்லரும் வேறு லைனில் இருக்கலாம். ஸ்டைல் ஃபைலைத் திறந்தால் ஊசி நம்பர் இருக்க வேண்டும், மெக்கானிக்கைக் கேட்டால் ஏன் மாற்றுகிறோம் என்று அவரே சொல்ல வேண்டும். அது நடந்தால்தான் அந்தக் காரணம் கம்பெனியிலிருந்து நீங்கியது என்று பையர் ஏற்றுக்கொள்வார்.